குழந்தையின் வலிக்கு இறைவன் கணக்குச் சொல்ல வேண்டுமா? முஃதஸிலாக்களும் அஷ்அரிகளும்

இறைவன் எல்லாம் வல்லவன், எல்லாம் அறிந்தவன், நீதி தவறாதவன். இந்த மூன்றையும் ஒருசேர நம்புகிற எந்த மதத்திலும் ஒரு கேள்வி வந்தே தீரும். பேசக்கூடத் தெரியாத ஒரு குழந்தை காய்ச்சலில் துடித்துச் சாகிறதே, அது எப்படி? அவனால் தடுக்க முடியவில்லை என்றால் அவன் வல்லவன் இல்லை. அவனுக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அறிந்தவன் இல்லை. தெரிந்தும், முடிந்தும் விட்டுவிட்டான் என்றால் நீதி எங்கே?

நம்மூரில் இதற்குச் சட்டென்று ஒரு பதில் வரும்: முன்வினை. போன பிறவியில் செய்ததை இந்தப் பிறவியில் அனுபவிக்கிறது என்பார்கள். ஆனால் ஒரே பிறவி, அதன்பின் மறுமை, விசாரணை, சொர்க்கம் அல்லது நரகம் என்று நம்புகிற மதங்களில் அந்தக் கதவு திறக்காது. அங்கே குழந்தைக்கு முன்கணக்கே கிடையாது. அதனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இஸ்லாமிய இறையியலில் இதை வைத்து இரண்டு மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதாடின. ஒன்று அறிவைக் கொண்டு பதில் தேடியது, மற்றொன்று வேதத்தின் சொல்லோடு நின்றது. இரண்டுமே பாதி வழியில் நிற்காமல் தங்கள் கொள்கையை அடிவரை கொண்டுபோய்ப் பார்த்தன. அதனால்தான் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள அந்த வாதம் நல்ல இடம் என்று நினைக்கிறேன்.

முதல் தரப்பு முஃதஸிலாக்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய தெற்கு ஈராக்கில் உள்ள பஸ்ரா நகரில் தோன்றியவர்கள். 748இல் இறந்த வாஸில் இப்னு அதா என்பவரை இந்தப் பள்ளியின் முன்னோடியாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பகுத்தறிவுவாதி என்றாலே கடவுள் மறுப்பாளர் என்று எடுத்துக்கொள்கிறோம். இவர்கள் அப்படியில்லை. ஐந்து வேளை தொழுகிற, குர்ஆனை மனப்பாடமாக வைத்திருந்த பக்திமான்கள். தங்களை 'நீதியையும் ஏகத்துவத்தையும் காப்பவர்கள்' என்றே சொல்லிக்கொண்டார்கள். இறைவனின் நீதியைக் காப்பாற்றத்தான் அறிவைத் துணைக்கு அழைத்தார்கள்.

அவர்களுடைய வாதம் எளிமையான ஓரிடத்தில் தொடங்குகிறது. பொய் சொல்வது தப்பு, காரணமில்லாமல் ஒருவரை அடிப்பது தப்பு, நன்றி மறப்பது தப்பு. இதெல்லாம் வேதமே இல்லாதவர்களுக்கும் தெரிகிறது. ஆக நல்லது கெட்டது என்பது செயலிலேயே இருக்கிறது, அறிவு அதைக் கண்டுகொள்கிறது, வேதம் வந்து உறுதிப்படுத்துகிறது. அப்படியானால் அதே அளவுகோல் இறைவனுக்கும் பொருந்தும். மனிதர் செய்தால் அநீதியாகிற காரியம், இறைவன் செய்கிறான் என்பதற்காக நீதியாகிவிடாது.

அடுத்த படி: ஒருவன் தெரிந்தே கெட்டதைச் செய்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ தேவை இருக்கிறது. தெரியாமல் செய்தால் அது அறியாமை. இறைவனுக்குத் தேவையும் இல்லை, அறியாமையும் இல்லை. ஆகவே அவன் கெட்டதைச் செய்ய மாட்டான். கொலை, திருட்டு, போர் எல்லாம் மனிதர் தம் சொந்த ஆற்றலால் செய்பவை, பழி மனிதருக்கே. இத்தோடு பிரச்சினையில் பாதி தீர்ந்தது. மீதி இருப்பது மனிதர் செய்யாத துன்பம்: நோய், நிலநடுக்கம், விலங்குகளின் வலி.

இந்த மீதியை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. ரய் நகரில் (இன்றைய தெஹ்ரானை ஒட்டியது) தலைமை நீதிபதியாக இருந்து 1025இல் இறந்த அப்துல் ஜப்பார், தன் பெரிய நூலில் வலி எனும் ஒன்றையே எடுத்துவைத்து நீதிமன்ற வழக்கைப் போல விசாரிக்கிறார். ரொம்ப காலம் கிடைக்காமல் இருந்த அந்த நூலின் பெரும்பகுதி 1950களின் தொடக்கத்தில் யேமன் நாட்டுக் கையெழுத்துச் சேகரிப்புகளில் கிடைத்தது. அதன் பிறகுதான் முஃதஸிலாக்களை, அவர்களுடைய எதிரிகளின் வாய் வழியாக இல்லாமல், நேரடியாகப் படிக்க முடிந்தது.

வலி கொடுப்பது எல்லாமே அநீதியா? இல்லை என்கிறார். குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் அநீதி இல்லை. அதைவிடப் பெரிய தீங்கைத் தடுத்தால் அநீதி இல்லை. அந்த வலியைத் தூக்கிச் சாப்பிடுகிற அளவுக்கு நன்மை கிடைத்தாலும் அநீதி இல்லை. இந்த மூன்றில் எதுவுமே இல்லாத வலிதான் அநீதி.

இப்போது அந்தக் காய்ச்சல் குழந்தையை வைத்துப் பார்ப்போம். தண்டனை என்று சொல்ல முடியுமா? முடியாது. பருவம் எய்தாத குழந்தைக்குக் கடமையும் இல்லை, குற்றமும் இல்லை. பெரிய தீங்கைத் தடுப்பதற்காக என்று சொல்லலாமா? ஒரு வைத்தியர் சொல்லலாம், கையை வெட்டாவிட்டால் உயிர் போகும் என்று. எல்லாம் வல்லவன் அப்படிச் சொல்ல முடியாது, கையை வெட்டாமலே உயிரைக் காக்க அவனால் முடியும். மிஞ்சுவது நன்மை ஒன்றுதான். குழந்தைக்கு மறுமையில் ஈடு கிடைக்க வேண்டும். ஏதோ ஆறுதல் பரிசு இல்லை, கட்டாயமாகத் தர வேண்டிய ஈடு. அதன் அளவையும் சொல்கிறார்கள்: புத்தி தெளிந்த எவரும் அந்த ஈட்டைப் பார்த்தால் 'இதற்காக அந்த வலியை நானே ஏற்றிருப்பேன்' என்று சொல்கிற அளவு.

முஃதஸிலாக்களுக்குள்ளேயே இங்கே ஒரு தகராறு. பஸ்ரா பள்ளியின் தலைவராக இருந்த அபூ அலீ அல் ஜுப்பாயி, ஈடு போதும் என்றார். அவருடைய மகன் அபூ ஹாஷிம் போதாது என்றார். ஏன்? ஆற்றின் இந்தப் பக்கத்துத் தண்ணீரை மொண்டு அந்தப் பக்கம் ஊற்றுவதற்கு ஓர் ஆளைக் கூலிக்கு வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நல்ல கூலி கொடுக்கிறீர்கள், அவரும் சம்மதிக்கிறார். அநீதி இல்லை. ஆனாலும் அது அர்த்தமில்லாத வேலை. அதே போல, ஈட்டை வலி இல்லாமலே கொடுத்துவிட இறைவனால் முடியும்போது, ஈடு கொடுப்பதற்காகவே வலி கொடுத்தான் என்பது வீண் செயலாகிவிடும். ஆகவே வலிக்கு இன்னொரு பயனும் வேண்டும். அது யாராவது ஒருவரை, பெற்றோரையோ பார்ப்பவரையோ, நல்வழிக்கு உந்துகிற படிப்பினையாக இருக்க வேண்டும். படிப்பினை இல்லாவிட்டால் வலி வீண், ஈடு இல்லாவிட்டால் வலி அநீதி. அப்துல் ஜப்பாரும் மகன் அபூ ஹாஷிமின் பக்கம்தான்.

இந்தக் கணக்கில் விலங்குகளுக்கும் இடம் உண்டு. அறுக்கப்படுகிற ஆட்டுக்கும் ஈடு உண்டு. அறுக்க அனுமதித்தவன் இறைவன், எனவே ஈட்டுக்கும் அவனே பொறுப்பு. மறுமை நாளில் கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடம் கணக்குத் தீர்க்கப்படும் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஒரு ஹதீஸ் இருக்கிறது. அந்த உணர்வை இவர்கள் கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார்கள்.

முன்வினை என்ற கதவு அங்கே திறக்காது என்றேன். உண்மையில் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்திருக்கிறார். 9ஆம் நூற்றாண்டில் முஃதஸிலா வட்டத்தைச் சேர்ந்த அஹ்மத் இப்னு காபித், குழந்தைகளும் விலங்குகளும் படுகிற பாட்டுக்கு முற்பிறவிக் குற்றமே காரணம் என்று சொன்னார். நீதியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் மறுபிறவிக்கு வந்து சேரலாம் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் முஃதஸிலாக்களே அவரை ஏற்கவில்லை. செய்த குற்றம் துளிகூட நினைவில் இல்லாதவருக்குத் தண்டனை எப்படித் தண்டனையாகும் என்று கேட்டார்கள். குற்றமற்ற நபிமார்களும் நோயில் படுத்தார்களே, அது எதற்கான தண்டனை என்றும் கேட்டார்கள்.

சரி, எதிர்த்தரப்புக்கு வருவோம். அபுல் ஹசன் அல் அஷ்அரி பஸ்ராவில் பிறந்தவர், மேலே சொன்ன ஜுப்பாயியிடமே பயின்றவர். நாற்பது வயது வாக்கில், 912ஐ ஒட்டி, முஃதஸிலா கொள்கையை விட்டுவிட்டதாகப் பகிரங்கமாக அறிவித்தார். 936 வாக்கில் பக்தாதில் இறந்தார். அவர் ஏன் பிரிந்தார் என்பதற்கு மரபில் ஒரு கதை சொல்வார்கள்.

அஷ்அரி ஆசிரியரிடம் கேட்கிறார்: மூன்று சகோதரர்கள். ஒருவன் நல்லவனாக வாழ்ந்து இறந்தான், ஒருவன் இறைமறுப்பாளனாக இறந்தான், ஒருவன் சிறு குழந்தையாக இருக்கும்போதே இறந்தான். மூவரின் கதி என்ன? ஜுப்பாயி சொல்கிறார்: நல்லவன் சொர்க்கத்தின் உயர்ந்த படியில், மறுப்பவன் நரகத்தில், குழந்தை தப்பித்தது, ஆனால் உயர்ந்த படி இல்லை.

"அந்தக் குழந்தை, எனக்கும் அண்ணனின் இடம் வேண்டும் என்று கேட்டால்?"

"அவன் உழைத்துப் பெற்றான், நீ உழைக்கவில்லை என்று இறைவன் சொல்வான்."

"என்னை நீ வாழவிடவில்லையே, அது என் குற்றமா என்று அது கேட்டால்?"

"நீ வளர்ந்தால் பாவியாகி நரகத்துக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். உன் நன்மைக்காகத்தான் முன்பே எடுத்துக்கொண்டேன் என்பான்."

"அப்போது நரகத்திலிருந்து அந்த இன்னொரு சகோதரன் கத்துவானே. என்னைப் பற்றியும் உனக்குத் தெரியும்தானே, என்னை ஏன் குழந்தையிலேயே எடுக்கவில்லை என்று?"

ஜுப்பாயி வாயடைத்துப்போனார் என்று கதை முடிகிறது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் இந்த உரையாடல் நிஜமாக நடந்திருக்கும் என்று நம்புவதில்லை. அதற்கு நல்ல காரணமும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஆகச் சிறந்ததையே இறைவன் எல்லாவற்றிலும் செய்தாக வேண்டும் என்று சொன்னவர்கள் பக்தாத் கிளையைச் சேர்ந்த முஃதஸிலாக்கள். ஜுப்பாயியின் பஸ்ரா கிளை அவ்வளவு தூரம் போகவில்லை. வாழ்ந்து, கடமை ஏற்று, சொர்க்கத்தை உழைத்துப் பெறுகிற வாய்ப்பு இறைவனின் கொடையே தவிர யாரும் கேட்டு வாங்குகிற உரிமை இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. மறுப்பவனுக்கு அறிவும் ஆற்றலும் சான்றுகளும் தரப்பட்டன, அதைப் பாழாக்கியது அவன். இந்தப் பதில் கையில் இருக்கிறவர் வாயடைத்துப் போயிருக்க மாட்டார். ஆனாலும் கதையின் அடி வலுவானது என்றே சொல்வேன். பாழாக்குவான் என்று நிச்சயமாகத் தெரிந்தும் கொடுக்கிற கொடை என்ன கொடை என்ற உறுத்தல் பஸ்ராக்காரர்களின் பதிலாலும் தீர்வதில்லை.

கதையை வைத்து அஷ்அரிகள் எடுத்த முடிவு, ஒரு நல்ல விளக்கத்துக்குப் பதில் இன்னொரு நல்ல விளக்கம் தேடுவது இல்லை. அளவுகோலையே மாற்றினார்கள். அநீதி என்றால் என்ன? அடுத்தவர் உடைமையில் கைவைப்பது, அல்லது மேலே இருப்பவரின் கட்டளையை மீறுவது. படைப்பு முழுக்க இறைவனின் உடைமை, அவனுக்கு மேலே யாரும் இல்லை. ஆகவே அவன் செய்வது எதுவுமே அநீதியாக முடியாது. பொய் தப்பு என்பதும் அவன் தப்பு என்று சொன்னதால்தான். குர்ஆனின் 21ஆம் அத்தியாயத்தின் 23ஆம் வசனம், அவன் செய்வதைப் பற்றி அவனிடம் கேட்க முடியாது, மனிதரிடம்தான் கேட்கப்படும் என்கிறது. அஷ்அரிகள் அதில் கால் ஊன்றினார்கள்.

காய்ச்சல் குழந்தைக்கு இப்போது என்ன பதில்? ஈடு கிடைக்கலாம். கிடைத்தால் அது அவன் கருணை, கடன் இல்லை. கிடைக்காவிட்டாலும் அநீதி இல்லை. மறுமையில் குழந்தைகளை வேதனைப்படுத்துவது இறைவனுக்குத் தகுமா என்ற கேள்விக்கும் அஷ்அரி தயங்காமல் பதில் சொல்கிறார்: செய்தால் அதுவும் நீதியே. இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அவன் அப்படிச் செய்வான் என்று அஷ்அரி சொல்லவில்லை. என்ன செய்வான் என்பதை வேதமும் ஹதீஸும்தான் சொல்ல வேண்டும், அறிவு அவனுக்குக் கடமை விதிக்க முடியாது என்கிறார். 1111இல் இறந்த கஸ்ஸாலியும் இதே வழியில், குற்றமற்ற விலங்குக்கு வலி கொடுத்து ஈடு தராமல் விட்டாலும் இறைவன் மேல் பழியில்லை என்று எழுதினார்.

கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் 'இது உங்களுக்கு ஒரு படிப்பினை' என்று சொல்ல முஃதஸிலாவின் கோட்பாடு இடம் கொடுக்கிறது. அஷ்அரியின் கோட்பாடு அந்தக் காரணம் கற்பிக்கிற வேலையிலிருந்து நம்மை விடுவிக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதை முஃதஸிலாக்கள் மிகச் சரியாகச் சுட்டிக்காட்டினார்கள். ஒருவர் நபி என்று எப்படித் தெரிகிறது? இறைவன் அவர் கையில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவதால். பொய்யன் ஒருவன் கையில் அற்புதம் நிகழ்த்தி மக்களை ஏமாற்ற இறைவனுக்கு எந்தத் தடையும் இல்லையென்றால், எந்த நபியை நம்புவது? வேதத்தில் அவன் சொன்னது உண்மை என்பதற்கு என்ன உத்தரவாதம்? பொய் சொல்லக்கூடாது என்ற கட்டளையும் வேதத்திலிருந்துதானே வருகிறது! அஷ்அரிகள் பதில் சொன்னார்கள்: உண்மை என்பது இறைவனின் பேச்சுக்கு என்றைக்கும் உள்ள தன்மை, தவிர பொய்யனுக்கு அற்புதம் தருவது அவன் வழக்கம் இல்லை. முதல் பதிலில் ஓரளவு பலம் இருக்கிறது. இரண்டாவது எனக்குப் போதவில்லை. வழக்கத்தை மாற்றுவதுதானே அற்புதம்.

இந்த இருவரையும் பார்த்து, வாதமே வேண்டாம் என்று ஒதுங்கிய ஹதீஸ் அறிஞர்களும் இருந்தார்கள். ஹன்பலி சட்ட மரபினர் பலர் அப்படி. அவர்கள் எடுத்துச் சொல்கிற ஹதீஸ் ஒன்றில், எங்களைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றிவிட்டீர்களே என்று மூஸா நபி ஆதமைக் கடிந்துகொள்கிறார். நான் படைக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டு முன்பே எழுதப்பட்டுவிட்ட ஒன்றுக்காக என்னைப் பழிக்கிறீரா என்று ஆதம் கேட்கிறார். ஆதமே வாதத்தில் வென்றார் என்று ஹதீஸ் முடிகிறது. இதே மரபில் வந்த இப்னு தைமிய்யா (இறப்பு 1328) மட்டும் இதோடு நிற்கவில்லை. இறைவன் செய்வதற்கெல்லாம் ஞானமான நோக்கம் உண்டு, முழுத் தீமை என்று எதையும் அவன் படைக்கவில்லை என்று வாதிட்டார்.

சமர்கந்தில் 944இல் இறந்த மாத்துரீதியும் கிட்டத்தட்ட நடுவில் நிற்பவர். நல்லது கெட்டதை அறிவு பெருமளவு அறியும், ஆனால் இறைவன் மேல் யாரும் கடமை சுமத்த முடியாது, அவன் செயல்கள் ஞானத்துக்கு வெளியே போவதில்லை என்பது அவர் வழி. தமிழ் முஸ்லிம்களில் ஷாஃபிஈ சட்டப் பள்ளியினரின் கொள்கை மரபு அஷ்அரியிடமும், ஹனஃபி சட்டப் பள்ளியினரின் மரபு மாத்துரீதியிடமும் போய்ச் சேர்கிறது. முஃதஸிலாக்கள் தனிப் பள்ளியாக இன்று இல்லை. ஆனால் அவர்களுடைய நீதிக் கொள்கை ஷியாக்களிடம் தொடர்கிறது. பன்னிரு இமாம் ஷியாக்களின் ஐந்து அடிப்படைகளில் இறைநீதி ஒன்று.

வாழ்க்கையில் இவை இவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருப்பதில்லை. முஸ்லிம்களின் சாவு வீட்டில் முதலில் சொல்லப்படுவது 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்', நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம். உடைமையைப் பற்றிய இந்தச் சொல் அஷ்அரியின் வாதத்தோடு அப்படியே பொருந்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்துப் பொறுமை காத்த பெற்றோருக்குச் சொர்க்கத்தில் ஒரு வீடு கட்டப்படும் என்ற ஹதீஸையும் அதே வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். அது ஈட்டைப் பற்றிய பேச்சு. அழுதுகொண்டிருக்கிற தாய்க்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது.

அஷ்அரி மரபின் மிகப் பெரிய பெயரான கஸ்ஸாலிக்கே இரண்டும் வேண்டியிருந்ததோ என்னவோ. இறைவனை முழுமையாகச் சார்ந்திருப்பதைப் பற்றி எழுதும்போது, இப்போது இருக்கும் உலகத்தைவிடச் சிறந்த, நிறைவான ஒன்று சாத்தியமே இல்லை என்று எழுதிவிட்டார். நோய், வறுமை, மரணம் எல்லாம் சேர்த்துத்தான். அதற்கு அவர் சொன்ன காரணம் இன்னும் ஆச்சரியமானது: சிறந்தது ஒன்று சாத்தியமாக இருந்தும் இறைவன் அதைத் தராமல் வைத்திருந்தால், அது அவன் கொடைக்கு முரணான கஞ்சத்தனமும் நீதிக்கு முரணான அநீதியும் ஆகும், தர முடியவில்லை என்றால் இயலாமை ஆகும். இறைவனின் செயலை நீதியின் தராசில் வைத்துப் பேசுகிற இந்த வாக்கியத்தை ஒரு முஃதஸிலா எழுதியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அஷ்அரிகள் பலர் அதிர்ந்தார்கள். நூற்றாண்டுகள் கழித்து, 15ஆம் நூற்றாண்டின் எகிப்தில் அல் பிகாயி இதை மறுத்து ஒரு நூல் எழுத, கஸ்ஸாலியைக் காக்க அஸ்ஸுயூத்தி பதில் நூல் எழுதினார். மறுத்தவர்களின் கேள்வி நேரானது: இதைவிடச் சிறந்ததைப் படைக்க இறைவனால் முடியாது என்றால் அவனுடைய வல்லமைக்கு எல்லை வகுத்தது யார்?